கூடைக்கு இரண்டேகால்

நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன், உடம்பு சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமாவின் இருமல் நின்றதா? என் மருமகள் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறாளா, இல்லை வயிற்றுவலி நாடகம் இன்னும் ஓடுகிறதா?

படகு கைக்கு வந்துவிட்டது. முதலாளிக்கு இரண்டு படகு. ஒன்றை ஒரு பெரியவர் பல வருஷமாக ஓட்டுகிறார். இரண்டாவதை என்னிடம் கொடுத்து, "தம்பி, இந்த சீசன் முடியட்டும். அவரு புடிக்கிறதுக்குச் சமமா நீயும் புடிச்சா படகு உன் பொறுப்புலயே இருக்கும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன், கோவிச்சுக்காத" என்று சொன்னார். வெளிப்படையான மனுஷன். எனக்குப் பிடித்துவிட்டது. ஊரில் எத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று உனக்குத் தெரியும். இந்தப் படகை விட்டுவிட்டு நான் அங்கே திரும்பி வந்து நிற்க மாட்டேன்.

நீ பின்னிக் கொடுத்த கூடைகளைப் படகிலிருந்து இறக்கியதும் துறைமுகமே வேடிக்கை பார்த்தது. இங்கே கூடை என்றால் இரண்டு ஆள் தூக்குகிற அண்டா. "என்னப்பா, பூ பறிக்கப் போறியா?" என்று ஒருவர் கேட்டார். "மீன் நசுங்காம வரும், நாளைக்குப் பாருங்க" என்று சொன்னேன். நசுங்காமல்தான் வந்தது.

இங்கே ஐஸ் ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிறவர் ஒரு கேமரா வைத்திருக்கிறார். கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுப்பார். முதன்முதலாக நல்ல மீன் கிடைத்த அன்று கூடைகளை வரிசையாக வைத்து எடுக்கச் சொன்னேன். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் மத்தி. எடை எவ்வளவு என்று எழுத மாட்டேன். ஊரே உன்னைக் கண்தராசு என்று கூப்பிடுகிறதே, எங்கே, சொல் பார்க்கலாம்!

கையில் மீன்வாடையோடு எழுதும்,
உன் தம்பி

---

நவம்பர் 12

என் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடிதத்திலேயே மீன்வாடை வருகிறது, நீ தனியாக எழுத வேண்டியதில்லை. முழங்கால் மழைக்கு மட்டும் மக்கர் பண்ணுகிறது. மாமா இருமுகிறார், ஆனால் பழைய மாதிரி வீடு அதிர இருமவில்லை. உன் மருமகளின் வயிற்றுவலி இப்போது தலைவலியாக முன்னேறியிருக்கிறது.

கண்தராசு என்று என்னை எடைபோடக் கூப்பிட்டுவிட்டாய், இனி அழக்கூடாது. முந்நூற்று முப்பத்தைந்து கிலோ.

எப்படி என்று கேட்பாய். கூடைகள் என்னுடையவை. அவற்றை நான் கண்ணைக் கட்டிக்கொண்டும் படிப்பேன். மட்டமாக நிரப்பினால் மத்தி பதினாலு கிலோ பிடிக்கும், குவித்தால் பதினாறு. விளிம்புக்கு மூன்று விரல் கீழே ஒரு கருப்புப் பட்டை கொடுத்துப் பின்னியிருக்கிறேன் அல்லவா? உள்பக்கம் அந்தப் பட்டை தெரிந்தால் மீன் பத்து கிலோவைத் தாண்டாது.

இருபத்துநாலு கூடை. உன் மெஷின்காரர் ஒரு கோடியில் நின்று எடுத்திருக்கிறார். அதனால் தூரத்துக் கூடைகள் சின்னதாகத் தெரிகின்றன. புதியவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள், சின்னதாகத் தெரிவதைக் குறைவாக நினைத்துவிடுவார்கள். நான் கூடையின் அளவைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கூடையிலும் அதன் காதைப் பார்ப்பேன். குவியல் காதை மறைத்தால் பதினாறு. காது முழுதாகத் தெரிந்து மீன் விளிம்போடு நின்றால் பதினாலு. உன் வரிசையில் ஒன்பது குவியல், பன்னிரண்டு மட்டம். கடைசி மூன்றில் வெளிச்சம் கூடைக்குள்ளே இறங்கியிருக்கிறது, நிறைந்த கூடையாக இருந்தால் வெளிச்சம் மீன்மேலேயே நின்றிருக்கும். பட்டையும் தெரிகிறது. ஆக மூன்று பத்து.

மீனின் அளவையும் பார்த்தேன். கூடை வாய் ஒன்றரைச் சாண். அதன் குறுக்கே இரண்டு மத்தி தலைக்கு வால் வைத்துப் படுத்திருக்கிறது, அப்படியென்றால் கிலோவுக்கு இருபது நிற்கும். அந்த அளவு மீன் இடைவெளி விடாமல் படியும். எல்லாம் சேர்த்தால் முந்நூற்று நாற்பத்திரண்டு. கூடைகளுக்கு அடியில் சிமெண்டுத் தரை இன்னும் நனையவில்லை. தண்ணீர் வடிவதற்கு முன்பே படம் எடுத்தாயிற்று. வடிகிற தண்ணீருக்கு ஏழு கிலோ தள்ளினேன்.

முதல் கூடையின் காதில் ஒரு கை இருக்கிறதே, அது யார் கை என்று எனக்குத் தெரியாதா? அந்தக் காதை நாலு விரல் அடங்குகிற மாதிரி உன் கையை வைத்துப் பார்த்துத்தான் பின்னினேன். இப்போது ஒரு விரலுக்கு இடம் மிச்சமிருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

சந்தையில் என் பக்கத்தில் உட்காருகிறாளே ரேடியோ, அவளிடம் படத்தைக் காட்டினேன். பத்து நிமிஷத்தில் சந்தை முழுக்க ஒலிபரப்பாகிவிட்டது. எல்லோரும் உன் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

மூன்று கிலோவுக்கு மேல் தப்பாத கண்ணோடு,
உன் அக்கா

---

நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். அந்தக் கை வெயிலில் அப்படித் தெரிந்திருக்கும்.

உனக்கு ஒரு கெட்ட செய்தி. எடைச்சீட்டில் இருநூற்று எண்பத்தொன்று. ஐம்பத்துநாலு கிலோ கூட்டிச் சொல்லியிருக்கிறாய்! மூன்று கிலோவுக்கு மேல் தப்பாதாமே? தம்பி பாசத்தில் கொஞ்சம் அள்ளிப் போட்டுவிட்டாய் போலிருக்கிறது. இல்லையென்றால் ஒரு நல்ல கண்ணாடிக் கடையாகப் பார்த்துப் போ.

ரேடியோ அக்காவிடம் பக்குவமாகச் சொல்.

சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும்,
உன் தம்பி

---

டிசம்பர் 5

தம்பிக்கு,

உடம்பைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் சண்டையைத் தொடங்க வேண்டும் என்பதால் கேட்கிறேன். நலமா? சரி.

ஒரு கூடை இரண்டு கூடையில் நான் பிசகலாம். ஐம்பத்துநாலு கிலோ என்றால் மட்டம் பிடித்த நாலு கூடைக்குக் கொஞ்சம்தான் குறைவு. இல்லாத நாலு கூடையை எண்ணுகிற அளவுக்கு எனக்குக் கண் போய்விடவில்லை.

இருந்தாலும் எனக்கே உறுத்தியது. உனக்குக் கொடுத்ததுபோக மீதி வைத்திருந்த கூடைகளில் மூன்றைச் சந்தைக்கு எடுத்துப்போய், அதே அளவு மத்தியை நிரப்பித் தராசில் வைத்தேன். ஒரு பக்கம் மீன் கூடை, மறுபக்கம் காலிக் கூடையும் எடைக்கல்லும், நம் வழக்கப்படி. பதினாலு, பதினாலு, பதினாலுக்குக் கொஞ்சம் மேல். என் அளவு சரி. அதனால் அங்கே உள்ள தராசுதான் சரியில்லை.

அங்கே எடை மேடை இருக்கும். முள் சுற்றும். முள்ளை நம்பாதே. இருபது லிட்டர் டீசல் கேன் ஒன்றைக் கழுவி, காலியாக ஒருமுறை வை. பிறகு விளிம்புவரை குழாய்த் தண்ணீர் பிடித்து வை. கடல் தண்ணீர் வேண்டாம், அது கனம் கூட. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக இருபது கிலோ வர வேண்டும். வராவிட்டால் யாரோ உங்கள் எல்லோர் வயிற்றிலும் அடிக்கிறார்கள். விடாதே!

ரேடியோவிடம் பக்குவமாகச் சொல்வதாவது! நான் வாயைத் திறப்பதற்குள் என் முகத்தைப் பார்த்தே ஒலிபரப்பிவிட்டாள்.

கண்ணாடி போடாத,
உன் அக்கா

---

டிசம்பர் 20

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

நீ சொன்னபடி கேனை வைத்துப் பார்த்தேன். காலியாக ஒன்றரை, தண்ணீரோடு இருபத்தொன்றரை. முள் மயிரிழை பிசகவில்லை. இரண்டு கேன் வைத்தேன், அதுவும் சரி. எடை எழுதுகிறவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பதினெட்டு வருஷமா எழுதறேன். இதுவரைக்கும் யாரும் தண்ணி வெச்சுப் பாத்ததில்ல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஒரு மாதிரி ஒடுங்கிப்போய்ச் சொன்னார். நல்ல மனுஷர் அக்கா. எனக்குத் தலைநிமிர முடியவில்லை.

இத்தோடு இந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

தம்பி

---

ஜனவரி 2

என் தம்பிக்கு,

புது வருஷம் உனக்கு நல்லதாக இருக்கட்டும். இங்கே மாமாவின் இருமல் ஒருவழியாக நின்றது.

அந்த எடை எழுதுகிறவரிடம் போய், "எங்க அக்கா அவசரப்பட்டுப் பேசிட்டா, மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல். நீயாகச் சொல்வதுபோல மழுப்பாதே, நான் சொன்னதாகவே சொல். பார்க்காத ஒருவரைத் திருடன் என்று நினைத்துவிட்டேன்.

சந்தையில் இந்தப் பக்கம் இப்போது யாரும் என்னிடம் மதிப்புக் கேட்பதில்லை. படகு வந்ததும், "அக்கா, எவ்வளவு தேறும்?" என்று கேட்கிறவர்கள் நேராகத் தராசுக்குப் போகிறார்கள். மாமா, "கொஞ்ச நாளைக்குக் கண்ணுக்கு லீவு குடு" என்கிறார். சிரித்துவிட்டேன். ஆனால் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நீ போன இரண்டு கடிதத்திலும் அந்தப் பெரியவருடைய படகைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. யார் முன்னால், யார் பின்னால்? அடுத்த தடவை படம் எடுத்தால் உன் முகத்தையும் சேர்த்து எடுக்கச் சொல். கூடையை எனக்குத் தெரியும். உன்னைத்தான் பார்த்து நாளாகிறது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

---

ஜனவரி 25

தம்பி,

பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே வண்டியை வேகமாக மிதிக்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஒரு வரி போதும்.

அக்கா

---

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலை அதிகம். நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன்.

எடை எழுதுகிறவரிடம் நீ சொன்னதைச் சொன்னேன். "உங்க அக்காவுக்கு என் வணக்கத்தச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் டீ குடிக்கிற சிநேகிதம் ஆகிவிட்டோம்.

கேட்டதால் சொல்கிறேன், பெரியவர் முன்னால் இருக்கிறார். நான் கொஞ்சம் பின்னால். கடலில் நான் அவரோடு ஒட்டியே போகிறேன், வலை ஏறும்போது பார்த்தால் என் மீனும் குறைச்சலாகத் தெரியவில்லை. சீட்டில் மட்டும் குறைகிறது. மாதக் கடைசியில் முதலாளி சீட்டுகளை எல்லாம் எடுத்து வைத்து உட்காருவார். பார்ப்போம். படகு இல்லாவிட்டால் ஐஸ் ஃபேக்டரியில் மூட்டை தூக்க ஆள் கேட்கிறார்கள். நான் அங்கே வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மெஷின்காரர் போன வாரம் ஒரு படம் எடுத்தார். மோசமான நாள் அது. கொஞ்சம் கானாங்கெளுத்திதான், வயிறு உடையாமல் இருக்க நிறையக் கூடைகளில் பரப்பி வைத்தேன். அவர் கொடுத்துவிட்டார், தூக்கிப் போட மனமில்லாமல் அனுப்புகிறேன். இந்தத் தடவை விளையாட்டு வேண்டாம். எடை தொண்ணூற்றேழு.

என் முகம் கேட்டாய். கேமராவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

அன்புடன்,
தம்பி

---

பிப்ரவரி 11

என் செல்லத் தம்பிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. இந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியதும் நின்ற இடத்திலேயே படி. படித்ததும் துறைமுகத்துக்கு ஓடு.

நீ எடையை எழுதியிருந்தாய். நான் அதைப் படிக்காமல் முதலில் படத்தைப் பார்த்தேன். லீவில் இருக்கிற கண்ணுக்கு ஆசை விடவில்லை. இருபது கூடை, எல்லாம் பாதிக்குச் சற்று மேல். மத்தி மாதிரி கானாங்கெளுத்தி படியாது, பருத்த மீன், நடுவில் இடம் விடும். கூடைக்கு ஏழு என்று வைத்தேன். தரையில் கூடையிலிருந்து ஓடிய தண்ணீர்க்கோடு காய்ந்தும் இருக்கிறது, அதனால் தண்ணீருக்குத் தள்ள ஒன்றுமில்லை. நூற்று நாற்பது. பிறகுதான் உன் கடிதத்தைப் படித்தேன். தொண்ணூற்றேழு. நாற்பத்துமூன்று குறைகிறது!

எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. கண் போயேவிட்டது என்று நினைத்தேன். பிறகு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா சாப்பிடக் கூப்பிட்டார், போகவில்லை.

இதைக் கேள். முதல் நாள் மீன் ஏராளம். இரண்டாவது நாள் அதில் பாதிகூட இல்லை. தராசில் கோளாறு என்றால் மீன் குறையும்போது கோளாறும் பாதியாகக் குறைய வேண்டும். தராசு யோக்கியம் என்று நீயே பார்த்துவிட்டாய், போகட்டும். என் கண்ணில் கோளாறு என்றாலும், பாதி மீனில் நான் இவ்வளவு தப்ப முடியாது. ஆனால் குறைந்தது முன்பு ஐம்பத்துநாலு, இப்போது நாற்பத்துமூன்று. மீன் இறங்கிய அளவுக்கு அது இறங்கவே இல்லை. அப்படியானால் அது மீனோடு போகவில்லை. வேறு எதனோடு போகிறது?

கூடையோடு போகிறது. ஐம்பத்துநாலை இருபத்துநாலு கூடைக்குப் பங்கிட்டேன், கூடைக்கு இரண்டேகால். நாற்பத்துமூன்றை இருபது கூடைக்குப் பங்கிட்டேன், இரண்டுக்கு மேல் கொஞ்சம், கிட்டத்தட்ட அதுவேதான். தம்பி, உன் ஒவ்வொரு கூடையும் அந்த மேடையில் இரண்டேகால் கிலோவை விட்டுவிட்டு இறங்குகிறது.

அங்கே கூடையின் எடையை எப்படிக் கழிக்கிறார்கள்? நம் ஊரில் காலிக் கூடையை மறுதட்டில் வைத்துவிடுவோம், கழிக்கிற பேச்சே கிடையாது. அதனால் எனக்கு இது தோன்றவே இல்லை, உனக்கும் தோன்றியிருக்காது. அங்கே மொத்தமாக நிறுத்துவிட்டு, கூடைக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். எந்தக் கூடைக்கு? அந்த அண்டாக் கூடைக்கு! அது ஈரத்தில் நாலு கிலோ இருக்குமா? என் கூடை காய்ந்தால் ஒன்றேகால், மூங்கில் தண்ணீர் குடித்தபிறகு ஒன்றே முக்கால். நாலில் ஒன்றே முக்கால் போனால் மிச்சம் எவ்வளவு என்று நீயே சொல்.

யாரும் திருடவில்லை. அந்த நல்ல மனுஷர் வழக்கப்படி எழுதுகிறார். உன்னைக் குறைத்தது என் கூடைதான். நசுங்காமல் வரட்டும் என்று சின்னதாகப் பின்னினேன். சின்னதாகப் பின்னினதால் எண்ணிக்கை கூடிப்போனது. எண்ணிக்கை கூடக்கூட உன் மீன் கரைந்தது. உனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்தும் ஒரு வரி எழுதவில்லையே நீ.

ஒரு காலிக் கூடையை நன்றாக நனைத்து மேடையில் வை. எல்லோர் முன்னாலும் வை. அதற்குமேல் ஒன்றும் பேச வேண்டாம். பிறகு என் கூடைகளை விட்டுவிட்டு, அந்த அண்டாவையே எடுத்துக்கொள். நான் வருத்தப்பட மாட்டேன்.

முழுக் கண்ணோடு,
உன் அக்கா

---

மார்ச் 1

என் அக்காவுக்கு,

எல்லோருக்கும் சுகம் சொல்லு. ரேடியோ அக்காவுக்கு முதலில் சொல்லு.

உன் கடிதம் வந்தபோது நான் வலை தைத்துக்கொண்டிருந்தேன். நின்ற இடத்தில் படித்தேன், இரண்டாம் தடவை உட்கார்ந்து படித்தேன். கூடைக்கு நாலு கழிப்பது எனக்கு முதல் நாளிலிருந்து தெரியும் அக்கா! கூடை என்றால் கூடைதானே என்று இருந்துவிட்டேன். அதையேதான் எடை எழுதுகிறவரும் நினைத்திருக்கிறார்.

ஒரு கூடையைக் கடலில் முக்கி எடுத்துக்கொண்டு எடை எழுதுகிறவரிடம் போனேன். தண்ணீர்க் கேன் ஞாபகத்தில் எனக்குக் கால் கூசியது. "அக்கா ஒண்ணு வெக்கச் சொன்னாங்க" என்றேன்.

"கேனா?"

"இல்லண்ணே. வெறுங் கூட."

வைத்தேன். முள் இரண்டைத் தொடாமல் நின்றது. கூடையை எடுத்துவிட்டு மறுபடி அவரே வைத்தார். பிறகு ஒரு அண்டாக் கூடையை இழுத்துவந்து வைத்தார். நாலு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு, "கண்ணுக்கு முன்னால இருந்துச்சேப்பா! தெனமும் எண்ணித்தானே எழுதுனேன்" என்றார்.

அவரே பென்சிலை எடுத்தார். தினமும் எத்தனை கூடை என்று எழுதியிருப்பதால் திருத்துவது சுலபமாக இருந்தது. முதலாளி வந்து உட்கார்ந்த நாளில், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எடை எழுதுகிறவர் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். "தப்பு என் பேனாவுல, இந்தத் தம்பி வலையில இல்ல" என்று சொன்னார். அக்கா, நான் ஒரு நாள் அவரைத் தண்ணீர்க் கேன் வைத்துச் சோதித்தேன் என்பதை நினைத்துக்கொண்டேன்.

திருத்திக் கூட்டினபோது பெரியவரை நான் தாண்டியிருந்தேன். கொஞ்சம்தான், ஆனாலும் தாண்டியிருந்தேன். பெரியவரே எழுந்து வந்து முதுகில் தட்டினார், வலித்தது. கடிதத்தோடு நீ திருப்பி அனுப்பியிருந்த இரண்டு படத்தையும் முதலாளி கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத வெச்சா கண்டுபுடிச்சாங்க? அவ்வளவு தூரத்துலேருந்து?" என்றார். அந்த நேரத்தில் நான் இரண்டு அடி உயர்ந்துவிட்டேன். "எங்க அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

படகு என்னிடமே இருக்கிறது.

கூடைகளை மாற்றச் சொன்னாய். மாற்ற மாட்டேன். இப்போது இங்கே எந்தக் கூடை வந்தாலும் முதலில் நனைத்து நிறுத்து, அதன் காதில் பெயிண்டால் எடையை எழுதிவிடுகிறார்கள். உன் கூடைகளின் காதில் 1¾ என்று வெள்ளையாக இருக்கிறது. பூக்கூடை என்று சிரித்தவர் நேற்று வந்து, "உங்க அக்கா எனக்கும் பின்னித் தருவாங்களா?" என்று கேட்டார்.

படம் ஒன்று வைத்திருக்கிறேன். மத்தி. நீ கேட்டபடி நானும் நிற்கிறேன். எடை எழுதவில்லை. இந்தத் தடவை துறைமுகமே உன் பதிலுக்குக் காத்திருக்கிறது.

நிமிர்ந்து நிற்கும்,
உன் தம்பி

---

மார்ச் 9

என் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்பது மட்டுமில்லை, திமிரோடு இருக்கிறோம். உன் கடிதத்தை ரேடியோ சந்தையில் சத்தம் போட்டுப் படித்தாள். என்னை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, தானே கண்டுபிடித்ததைப் போல விளக்கமும் கொடுத்தாள். இன்று காலையில் படகு கரைக்கு வந்ததும் நாலு பேர் என்னைத் தேடி வந்து, "அக்கா, எவ்வளவு தேறும்?" என்று கேட்டார்கள். நான் உடனே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் காத்திருக்க வைத்தேன். அந்த உரிமை எனக்கு உண்டு.

சரி, உன் படம். இருபத்திரண்டு கூடை. பதினெட்டில் காது மறைந்திருக்கிறது, நாலு மட்டம். ஈரம் இன்னும் சொட்டுகிறது, ஆறு கிலோ தள்ளுகிறேன். மீன் முந்நூற்று முப்பத்தெட்டு.

வரிசையின் கடைசியில் நிற்பதை நேற்றிலிருந்து எடை போடுகிறேன். கூடையை அடுக்கினால் அதன் இடுப்பு எந்தக் கூடைக்கு வரும் என்று எனக்குத் தெரியும், என் பக்கத்தில் நின்றல்லவா வளர்ந்தது. சட்டை தோளிலிருந்து தொங்குகிறது. கழுத்தெலும்பில் நிழல் விழுகிறது. போகும்போது எழுபது கிலோ இருந்தது. இப்போது அறுபத்திரண்டு. சிரித்துக்கொண்டு நிற்பதால் நான் ஏமாறமாட்டேன்.

அந்த எட்டு கிலோ எந்தச் சீட்டில் குறைந்தது என்று எனக்கு எழுதவேண்டாம். திருத்திவிட்டு வந்தால் போதும். வரும்போது தலைநிமிர்ந்து வா, ஊர் பார்க்கட்டும்.

புதிதாக மூங்கில் வாங்கியிருக்கிறேன். சிரித்தவருக்கு எத்தனை கூடை வேண்டும் என்று கேட்டு எழுது.

உன்னைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும்,
அக்கா

---

மார்ச் 18

அக்கா,

எல்லோரும் சூழ்ந்து நிற்க எடை எழுதுகிறவர்தான் உன் கடிதத்தைப் படித்தார். மீனின் எடையை அன்றே ஒரு அட்டையில் எழுதிக் கவிழ்த்து வைத்திருந்தார். திருப்பினார். முந்நூற்று நாற்பத்தொன்று. மூன்று கிலோவுக்கு மேல் தப்பவில்லை நீ. கைதட்டு அடங்க நேரமாகிவிட்டது.

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. கடிதத்தின் அடுத்த பத்தியையும் படித்துவிட்டு, மேடையைத் துடைத்து, "ஏறு தம்பி" என்றார். நான் மறுத்தேன். பெரியவரும் முதலாளியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். முள் சுற்றி நின்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தார்கள்.

அறுபத்திரண்டரை. அந்த அரைக் கிலோ செருப்பு.

இப்போது மதியம் யார் வீட்டுச் சாப்பாட்டு டப்பா திறந்தாலும் முதலில் என்னைக் கூப்பிடுகிறார்கள். வாரா வாரம் நிறுத்துப் பார்ப்போம் என்று எடை எழுதுகிறவர் சொல்லியிருக்கிறார். எழுபதைத் தொட்டதும் புறப்படுகிறேன்.

உன் தம்பி
(கூடையில்லாமல் நிறுத்தது)